முப்பத்தாறாயிரத்துக்கு பில், முப்பதாயிரம் வரவு: பிடித்த வரியை எழுத மூன்று வழிகள்

தக்கலையில் ஒரு சிவில் இன்ஜினியர் தனியாளாகத் தொழில் செய்கிறார். வீடுகளுக்கும் சின்னக் கட்டடங்களுக்கும் கம்பி, தூண், அஸ்திவாரக் கணக்கு போட்டு வரைபடம் தருவது அவர் வேலை. திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு கட்டுமான நிறுவனம் அவருடைய வாடிக்கையாளர்களில் ஒன்று. நாகர்கோவிலில் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலை என்னுடையது என்பதால், 2025 ஓணத்துக்குச் சில நாள் முன்பு எனக்கு போன் செய்தார்.

"அக்கா, முப்பத்தாறாயிரத்துக்கு பில் போட்டேன். முப்பதாயிரம்தான் ஏறியிருக்கு. பத்து சதவீதம் பிடிப்பாங்கன்னா முப்பத்திரண்டாயிரத்து நானூறு வரணும்லா? மீதியை எப்ப தருவாங்க?"

மீதி வராது. ஆனால் அவருக்கு நஷ்டமும் இல்லை. அந்த ஆறாயிரமும் வரியாகப் பிடிக்கப்பட்டது, அவர் பான் எண்ணில் அரசிடம் வரவாகப் போய்ச் சேர வேண்டிய பணம். இதைக் கணக்குப் புத்தகத்தில் எப்படி எழுதுவது என்பதில் எங்கள் பக்கத்தில் மூன்று பழக்கங்கள் இருக்கின்றன. வங்கியில் வந்ததை மட்டும் வரவாக எழுதுவது ஒன்று. பணம் வந்த நாளில் முழு பில் தொகையையும் வரவாக வைத்து, பிடித்த வரியைத் தனியே எழுதுவது இரண்டாவது. பில் போட்ட நாளிலேயே முழுத் தொகையையும் எழுதிவிட்டு, பணம் வரும்போது கழித்துக்கொண்டு வருவது மூன்றாவது. தனியாளாகத் தொழில் செய்பவருக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் கருத்து. ஏன் என்பதை இந்த ஒரு நிறுவனத்தின் நான்கு பில்களை வைத்தே காட்டிவிடலாம். புரிவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று தொகைகளை முழு ஆயிரங்களாக மாற்றியிருக்கிறேன். அவர் ஜிஎஸ்டியில் பதிவு செய்யவில்லை, அதனால் முதலில் ஜிஎஸ்டி இல்லாமலே பார்ப்போம்.

| பில் தேதி | பில் தொகை | பிடித்த வரி | வங்கியில் வந்தது | வந்த நாள் |
|---|---|---|---|---|
| 20 மார்ச் 2025 | 40,000 | 4,000 | 36,000 | 11 ஏப்ரல் 2025 |
| 9 ஜூன் 2025 | 24,000 | 0 | 24,000 | 27 ஜூன் 2025 |
| 22 ஆகஸ்ட் 2025 | 36,000 | 6,000 | 30,000 | 2 செப்டம்பர் 2025 |
| 12 ஜனவரி 2026 | 50,000 | 5,000 | 45,000 | 30 ஜனவரி 2026 |

ஆறாயிரம் எங்கிருந்து வந்தது

இன்ஜினியர், வக்கீல், டாக்டர், ஆடிட்டர் போன்றவர்களின் தொழில் கட்டணத்துக்கு, 2026 மார்ச் வரை நடைமுறையில் இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்படி, பணம் தருபவரே 10 சதவீதம் வரியைப் பிடித்துக்கொள்வார், இதுதான் டிடிஎஸ். ஆனால் ஒரு வாடிக்கையாளர் ஓர் ஆண்டில் தரும் மொத்தத் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால்தான் பிடித்தம். அந்த வரம்பு 2025 மார்ச் வரை 30,000 ரூபாயாக இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் 50,000.

இப்போது அட்டவணையைப் பாருங்கள். மார்ச் பில் பழைய வரம்பைத் தாண்டியது, 4,000 பிடித்தார்கள். புது நிதியாண்டில் ஜூன் பில் 24,000 மட்டுமே, வரம்புக்குள் இருந்தது. அதனால் முழுப் பணமும் வந்தது. ஆகஸ்ட் பில் 36,000 சேர்ந்ததும் மொத்தம் 60,000 ஆகி வரம்பைத் தாண்டிவிட்டது. தாண்டினால் தாண்டிய பகுதிக்கு மட்டும் வரி என்பதில்லை, ஆண்டின் முதல் ரூபாயிலிருந்தே வரி. 60,000க்கு 6,000. ஜூன் பில்லுக்கான பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பதால், அதற்குரிய 2,400 ரூபாயையும் ஆகஸ்ட் பில்லுக்கான பணத்திலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஜனவரியில் பழையபடி நேர் 10 சதவீதம்.

இதே பிடித்தம் 10 சதவீதமாகத்தான் இருக்கும் என்றும் இல்லை. வாடிக்கையாளர் அந்த வேலையைத் தொழில்நுட்பச் சேவை என்று வகைப்படுத்தினால் 2 சதவீதம். ஒப்பந்த வேலை என்று 194சி-யில் வைத்தால் தனிநபருக்கு 1 சதவீதம். பான் எண் கொடுக்காவிட்டாலோ, பான் ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலிழந்திருந்தாலோ 20 சதவீதம். பில்லில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தால் வாடிக்கையாளருக்கு போன் போடும் முன்பு உங்கள் பான் நிலையைப் பாருங்கள்.

விகிதத்தையும் வரம்பையும் முடிவு செய்வது வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவு. பில் போடும் நாளில் நமக்கு அது உறுதியாகத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது வழியைப் பார்க்கும்போது இது முக்கியமாகும்.

வந்ததை மட்டும் எழுதுவது

முதல் வழியில் கணக்குப் புத்தகமே வேண்டாம், பாஸ்புக் போதும். 2025-26 நிதியாண்டில் இந்த வாடிக்கையாளரிடமிருந்து வந்தது 36,000, 24,000, 30,000, 45,000. கூட்டினால் 1,35,000. அதை அப்படியே வருமானம் என்று எழுதிவிடுவார்கள். எளிமைதான், எல்லாரும் இதில்தான் தொடங்குகிறார்கள். நான் இதைத் திட்டவட்டமாக வேண்டாம் என்று சொல்வேன்.

முதல் காரணம், சட்டப்படி இது தவறு. பிடித்த வரியும் உங்கள் கைக்கு வந்த வருமானமாகவே கருதப்படும் என்று 198-ஆம் பிரிவு சொல்கிறது. பில் தொகைதான் வருமானம். அதில் ஒரு பகுதியை உங்கள் சார்பில் அவர்கள் அரசுக்குக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்யும்போது டிடிஎஸ் அட்டவணையில் பிடித்த வரிக்கு நேராக, அது எந்த மொத்த வரவுக்கு உரியது என்றும் கேட்கும். 15,000 வரியைத் திரும்பக் கேட்பவர் அங்கே 1,50,000 என்று போட்டுவிட்டு, வருமானப் பகுதியில் 1,35,000 என்று காட்டினால் இரண்டும் ஒட்டாது. இந்த ஆண்டின் மூன்று பில்களை மட்டும் எடுத்தாலும் இதே கதைதான். நீங்கள் 99,000 என்று எழுதியிருப்பீர்கள், உங்கள் பான் எண்ணில் ஏறிய வரியைக் காட்டும் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் 1,10,000 என்று இருக்கும். இப்படி வரும்போது 139(9) பிரிவின்படி குறைபாடுள்ள தாக்கல் என்று நோட்டீஸ் வரலாம். பதினைந்து நாளில் திருத்திக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் இன்னும் பெரியது. எழுதாத பணத்தை யாரும் திரும்பக் கேட்பதில்லை. தக்கலைத் தம்பிக்கு எல்லா வாடிக்கையாளர்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்பது லட்சம் அளவில் பில். இன்ஜினியர் தொழில் 44ஏடிஏ பிரிவில் வருவதால், பாதியை, அதாவது 4,50,000 ரூபாயை வருமானமாகக் காட்டினால் போதும். 2025-26 ஆண்டுக்குப் புதிய வரி முறையில் 87ஏ தள்ளுபடி போக அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஆக, பிடித்த வரி முழுவதும் அவருக்குத் திரும்பி வர வேண்டியது. பாஸ்புக்கை மட்டும் பார்ப்பவருக்கு அந்தப் பணம் இருப்பதே தெரியாது.

சிலர் முழு பில்லையும் வரவில் எழுதிவிட்டு, பிடித்த வரியைச் செலவுப் பக்கத்தில் போடுகிறார்கள். இதுவும் முதல் வழியின் இன்னொரு வேஷம்தான். பிடித்த வரி அளவுக்கு லாபம் குறைந்து தெரியும். வருமான வரி தொழில் செலவு ஆகாது. நீங்கள் அரசிடம் முன்கூட்டியே கொடுத்து வைத்திருக்கும் பணம் அது, சொத்துப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

வரம்புகளைப் பார்க்கும்போதும் இது ஏமாற்றும். சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்சம். அது பில் மதிப்பை வைத்துக் கணக்கிடுவது. எல்லா வாடிக்கையாளரும் 10 சதவீதம் பிடிக்கும் ஒருவருக்கு வங்கியில் 18,50,000 வந்திருந்தால், இன்னும் ஒன்றரை லட்சம் இடமிருக்கிறது என்று நினைப்பார். பில் மதிப்போ 20,55,556 ஆகி, வரம்பைத் தாண்டியிருக்கும்.

இந்த இடத்தில் ஒரு கணக்குப் பிசகைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வந்த பணத்திலிருந்து பில் தொகையைக் கண்டுபிடிக்க, பலர் 10 சதவீதத்தைக் கூட்டுகிறார்கள். 45,000 வந்தால் அதோடு 4,500 சேர்த்து 49,500 என்று எழுதுகிறார்கள். பில் 50,000 அல்லவா? பிடித்தது பில்லில் பத்து சதவீதம், வந்ததில் பத்து சதவீதம் அல்ல. அதனால் கூட்டக் கூடாது, 0.9-ஆல் வகுக்க வேண்டும். பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு ஓராண்டுக் கணக்கைத் திரும்ப எழுதுபவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். அதுவும் நேர் 10 சதவீதம் பிடித்த பில்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆகஸ்ட் பில்லின் 30,000-ஐ 0.9-ஆல் வகுத்தால் 33,333 என்று வரும், அப்படி ஒரு பில்லே இல்லை. ஆகவே வகுத்துக் கண்டுபிடிப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பில் நகல்தான் ஆதாரம்.

பணம் வந்த நாளில் பிரித்து எழுதுவது

இரண்டாவது வழியில் பணம் வரும்வரை புத்தகத்தில் ஒன்றும் எழுதுவதில்லை. வந்த நாளில் ஒரே பதிவாக, மூன்று எண்களை எழுதுகிறோம். ஆகஸ்ட் பில்லுக்கு இப்படி:

```
2-9-2025   வங்கி                    30,000
           டிடிஎஸ் வரவேண்டியது       6,000
              தொழில் வரவு                    36,000
```

ஆறாயிரத்தில் 2,400 ஜூன் பில்லுக்கு உரியது என்பதை ஓரத்தில் ஒரு வரி குறித்து வைத்தால் போதும். ஜூன் பதிவைத் திருத்தத் தேவையில்லை. பிடித்தது செப்டம்பரில் வந்த பணத்திலிருந்து, எழுதுவதும் செப்டம்பரில்.

ஆண்டு முடியும்போது மூன்று கூட்டுத்தொகைகள் நிற்கும். வங்கியில் 1,35,000, டிடிஎஸ் வரவேண்டியது 15,000, தொழில் வரவு 1,50,000. கையில் வந்தது முதல் எண். வருமான வரிக்குக் காட்டுவது மூன்றாவது. நடுவில் இருப்பது அரசிடம் நிற்கும் உங்கள் பணம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்று மாதச் செலவைத் திட்டமிட முதல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அதற்காக மற்ற இரண்டையும் விட்டுவிடக் கூடாது.

இந்த முறையின் பலம், ஊகத்துக்கு இடமே இல்லை என்பது. பணம் வந்த பிறகு எழுதுவதால், எவ்வளவு பிடித்தார்கள் என்பது ஏற்கெனவே தெரியும். 10 சதவீதமோ, 2 சதவீதமோ, ஜூன் மாதம் போலப் பூஜ்யமோ, நடந்ததை எழுதுகிறோம்.

பலவீனம் இரண்டு. வர வேண்டிய பில்கள் புத்தகத்தில் தெரியாது. பத்து பில் நிலுவையில் இருந்தாலும் கணக்குச் சுத்தமாகத் தெரியும். இதற்கு எக்செலில் ஒரு பில் பட்டியல் வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். C-யில் கட்டணம், D-யில் ஜிஎஸ்டி, E-யில் பிடித்தம் என்று நீங்கள் எதிர்பார்க்கும் விகிதம், F-ல் வர வேண்டிய தொகை, G-யில் வந்த தொகை, H-ல் வித்தியாசம். F2-க்கும் H2-க்கும் வாய்ப்பாடு:

```
=C2+D2-ROUND(C2*E2,0)
=F2-G2
```

பணம் வந்த பிறகு H கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் அடுத்த வேலையைப் பாருங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் முழுமையாக்கியதில் வந்தது, விட்டுவிடலாம். ஆகஸ்ட் பில்லுக்கு 2,400 என்று நின்றால், அப்போதுதான் கேள்வி கேட்க வேண்டும். வாடிக்கையாளரின் கணக்குப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: எந்தப் பிரிவில், எந்தத் தொகைக்கு, எவ்வளவு பிடித்தீர்கள்? அவர்கள் அனுப்பும் பணப்பட்டுவாடா விவரத்தை அந்த பில் நகலோடு சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது பலவீனம் மார்ச் மாதக் கடைசி. நம் அட்டவணையின் முதல் பில்லைப் பாருங்கள். வாடிக்கையாளர் 2025 மார்ச் 31 அன்று அதைத் தன் செலவில் எழுதி, அப்போதே 4,000 பிடித்துவிட்டார். பணம் கொடுப்பதும் கணக்கில் எழுதுவதும், இவற்றில் எது முந்துகிறதோ அன்றே வரி பிடிக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் அவர் மேல் தப்பில்லை. ஆகவே 4,000 ரூபாய் 2024-25 ஆண்டின் 26ஏஎஸ்-ல் ஏறிவிட்டது. பணம் வந்ததோ ஏப்ரல் 11. வந்த நாளில் எழுதும் நமக்கு, வருமானம் 2025-26 ஆண்டில் விழுகிறது.

இதற்கு வழி இருக்கிறது. எந்த ஆண்டில் வருமானத்தைக் காட்டுகிறோமோ அந்த ஆண்டில்தான் அதற்குரிய வரியைக் கேட்க வேண்டும் என்று 37பிஏ விதி சொல்கிறது. 2024-25-க்கான தாக்கலில் டிடிஎஸ் அட்டவணையில் அந்த 4,000 ரூபாயை இந்த ஆண்டு கேட்கவில்லை, அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்கிறேன் என்ற கட்டத்தில் போட வேண்டும். அடுத்த தாக்கலில் முந்தைய ஆண்டிலிருந்து கொண்டு வந்தது என்று எடுத்து, 40,000 வருமானத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும். தானாக நிரம்பும் எண்களை அப்படியே விட்டு அனுப்பினால், வருமானத்தைக் காட்டாமலே வரியைத் திரும்பக் கேட்டது போலாகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் பில்களுக்கு மட்டும் செய்ய வேண்டிய வேலை இது. ஆனால் செய்தே ஆக வேண்டும்.

பில் போட்ட நாளிலேயே எழுதுவது

மூன்றாவது வழியில் பில் போட்டதும் வாடிக்கையாளர் பெயரில் பற்று, தொழில் வரவு என்று எழுதிவிடுகிறோம். பணம் வரும்போது வங்கியும் டிடிஎஸ்-ம் சேர்ந்து அந்தப் பற்றைத் தீர்க்கும். டேலி போன்ற மென்பொருள்களில் இதுதான் வழக்கமான முறை.

மார்ச் சிக்கல் இங்கே பெரும்பாலும் எழாது. 40,000 பில்லும் 4,000 வரியும் ஒரே நிதியாண்டில் விழும், 26ஏஎஸ்-ஓடு நேராகப் பொருந்தும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதும் எப்போதும் கண்முன் இருக்கும். ஆனால் வராத பணத்துக்கும் வருமானம் காட்ட வேண்டியிருக்கும். கட்டுமானத் தொழிலில் ஒரு பில் ஆறு மாதம் இழுப்பது சாதாரணம். சின்ன வரவுள்ளவருக்கு இது நிஜமான பாரம்.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பில் போடும் நாளில் டிடிஎஸ் தொகையை ஊகித்து எழுதாதீர்கள். தம்பி ஜூன் பில்லுக்கு 10 சதவீதம் பிடிப்பார்கள் என்று எழுதியிருந்தால், 21,600 எதிர்பார்த்திருப்பார். வந்தது 24,000. 2,400 கூடுதல், ஏதோ முன்பணம் போலத் தெரியும். ஆகஸ்டில் 32,400 எதிர்பார்த்த இடத்தில் 30,000 வரும். இப்போது 2,400 குறைவு. கடைசியில் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்றாலும், நடுவில் இரண்டு மாதம் புத்தகம் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். முழு பில்லை மட்டும் பற்றாக வைத்துவிட்டு, வரிப் பதிவைப் பணம் வரும் நாளுக்குத் தள்ளிப்போடுவதே நல்லது. ஆண்டுக் கடைசியில் பணம் வராமல் நிற்கும் பில்களுக்கு மட்டும், வாடிக்கையாளரிடம் மார்ச்சிலேயே பிடித்துவிட்டார்களா என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

இதே தப்பின் இன்னொரு வடிவம் பில்லிலேயே நடக்கிறது. எப்படியும் பிடிக்கத்தானே போகிறார்கள் என்று, 50,000 ரூபாய் வேலைக்கு 45,000 என்று மொத்தம் போட்டு பில் அனுப்புகிறார்கள். வாடிக்கையாளருக்குத் தெரிவது 45,000 மட்டுமே. அதில் 4,500 பிடித்து 40,500 அனுப்புவார். அந்த 4,500 பின்னால் திரும்பி வரலாம், ஆனால் முதலில் விட்ட 5,000 போனது போனதுதான். அது வரி அல்ல, தள்ளுபடி. பில்லின் மொத்தம் எப்போதும் முழுத் தொகையாக இருக்கட்டும். கீழே பான் எண்ணையும், சட்டப்படியான வரிப் பிடித்தம் போக மீதியைச் செலுத்தவும் என்று ஒரு வரியையும் போட்டால் போதும்.

எது யாருக்கு

ஜிஎஸ்டி பதிவு இல்லாத, கைவிரலில் எண்ணிவிடக்கூடிய வாடிக்கையாளர்கள் உள்ள ஒருவருக்கு இரண்டாவது வழியும் ஒரு எக்செல் பட்டியலும் போதும். மார்த்தாண்டம், குழித்துறை பக்கத்தில் திருவனந்தபுரத்து நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்கள் பலரும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ஒன்றை எடுத்தால் ஆண்டுதோறும் அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். வரி குறைவாக வருகிறதே என்று இந்த ஆண்டு வந்த நாள், அடுத்த ஆண்டு பில் நாள் என்று தாவ முடியாது. 145-ஆம் பிரிவு, வழக்கமாகக் கையாளும் முறையைத்தான் ஏற்கும்.

ஜிஎஸ்டி பதிவு வந்துவிட்டால் மட்டும், நிரந்தரமாகவே மூன்றாவது வழிக்கு மாறச் சொல்வேன். காரணம், அங்கே பில் தேதிக்கு வேறு மதிப்பு வந்துவிடுகிறது. தம்பி பதிவு பெற்றவராக இருந்திருந்தால் ஜனவரி பில் 50,000-த்தோடு 18 சதவீதம், 9,000 ரூபாய் சேர்ந்து 59,000 ஆகியிருக்கும். கட்டடம் கேரளத்தில் இருந்தால் அது முழுவதும் மாநிலங்களுக்கிடையேயான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி. இதே பில் சென்னையில் உள்ள கட்டடத்துக்கு என்றால் மத்திய, மாநில ஜிஎஸ்டி 4,500 வீதம் இரண்டாகப் பிரியும். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதன்மேல் டிடிஎஸ் பிடிக்கக் கூடாது என்று 2017 ஜூலை 19 தேதியிட்ட 23/2017 சுற்றறிக்கை சொல்கிறது. அப்படியானால் பிடித்தம் 5,000, வங்கிக்கு வருவது 54,000. தவறாக 59,000-க்கும் பிடித்தால் 5,900 போய் 53,100 வரும். பட்டியலின் H கட்டத்தில் 900 என்று நின்றால் இதுதான் நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

இங்கே கையில் வந்தது 54,000 என்றாலும் அதில் 9,000 அவருடையது அல்ல. ஜிஎஸ்டி இல்லாதபோது வந்த அதே 45,000-தான் அவர் பங்கு. மாதாமாதம் தாக்கல் செய்பவராக இருந்தால், ஜனவரி 12 தேதியிட்ட பில்லின் ஜிஎஸ்டியை பிப்ரவரி 20-க்குள் கட்ட வேண்டும், வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும். பணம் வந்த நாளில்தான் எழுதுவேன் என்று இருப்பவருக்கு இந்தக் கெடு கண்ணில் படாமலே போய்விடும்.

எழுதியது சரிதானா

எந்த வழியை எடுத்தாலும், டிடிஎஸ் வரவேண்டியது என்று எழுதிய தொகை நிஜமாகவே உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிடித்தவர் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும், மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம். ஆனால் அவர் காலாண்டு அறிக்கையைத் தாக்கல் செய்தால்தான் உங்கள் 26ஏஎஸ்-ல் தெரியும். அதனால் செப்டம்பர் பிடித்தத்தை அக்டோபர் முதல் வாரத்தில் தேடிவிட்டுப் பதறாதீர்கள். அந்தக் காலாண்டின் அறிக்கைக்கு அக்டோபர் 31 வரை நேரம் இருக்கிறது, வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழை நவம்பர் 15-க்குள் தர வேண்டும். ஜனவரி பிடித்தத்துக்கு மே 31, ஜூன் 15.

இந்தப் பிரிவு எண்கள் எல்லாம் 1961 சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறை. புதிய சட்டத்தில் சம்பளம் தவிர்த்த டிடிஎஸ் பெரும்பாலும் 393-ஆம் பிரிவுக்குள் வந்துவிடுகிறது. அதனால் புது பில்லில் பழைய 194ஜே எண்ணைப் பழக்க தோஷத்தில் போடாதீர்கள். புத்தகத்தில் எழுதும் மூன்று எண்கள் மாறாது.

தம்பியின் விஷயத்தில் 26ஏஎஸ்-ல் தேட வேண்டியவை, 2024-25-ல் 4,000, 2025-26-ல் 6,000-மும் 5,000-மும். 6,000-க்கு நேரே 36,000 என்று இல்லாமல் 60,000 என்று இருந்தால் குழம்ப வேண்டாம், ஜூன் பில்லும் சேர்ந்திருக்கிறது. ஒரு தொகை அறவே இல்லை என்றால், பான் எண்ணில் ஒரு எழுத்து மாறி வேறொருவர் கணக்கில் ஏறியிருக்கலாம், அல்லது பிடித்தவர் கட்டாமல் வைத்திருக்கலாம். பான் மாறியிருந்தால் வாடிக்கையாளர் திருத்த அறிக்கை தாக்கல் செய்தால்தான் சரியாகும், நம் பக்கத்திலிருந்து மாற்ற முடியாது. அவர் கட்டவே இல்லை என்றாலும், பிடிக்கப்பட்ட வரியை உங்களிடம் மறுபடி நேரடியாகக் கேட்கக் கூடாது என்று 205-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் பிடித்தார்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். முழுத் தொகைக்கான பில் நகல், பணப்பட்டுவாடா விவரம், குறைவாக வந்ததைக் காட்டும் வங்கி அறிக்கை, இந்த மூன்றையும் பில் எண் வாரியாக ஒரே கோப்பில் வைத்திருங்கள்.